சீட்டு பிடித்த அக்கா ஊரை விட்டுப் போய்விட்டார். எடுக்காத எங்கள் 9 பேர் பணம் அவ்வளவுதானா?

தையல்கடைக்காரி, கருங்கல் | 19.02.2025, இரவு 10.40

லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. 20 பேர், மாதம் 5,000, 20 மாதம். போன மார்ச்சில் தொடங்கியது. முதல் சீட்டு வழக்கம்போல நடத்துகிற அக்காவுக்கு, கழிவு இல்லாமல். அதன்பிறகு மாதம் ஒருவராக 10 பேர் எடுத்துவிட்டார்கள். இந்த மாதம் 10ஆம் தேதி 12ஆவது ஏலம். 8,000 தள்ளி 92,000க்கு ஒருவர் எடுத்தார், ஆளுக்கு 4,600 கொடுத்தோம். எடுத்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை பணம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீடு பூட்டியிருந்தது, போனும் எடுக்கவில்லை. இன்று வரை அப்படியேதான்.

என் குறிப்பு நோட்டின்படி இதுவரை கட்டியது 49,800. கைக்கு வராதவர்கள் 9 பேர், 12ஆவது எடுத்தவரையும் சேர்த்து. 9 பேருக்கும் கூட்டினால் 4,48,200 ரூபாய். நாலரை லட்சத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சீட்டு பதிவு செய்யாதது. போலீசுக்குப் போகலாமா, போனால் எங்கள் மீதே கேஸ் வருமா?

வடசேரிக்காரன் | 19.02.2025

பதிவு இல்லாத சீட்டு சட்டவிரோதம். சட்டவிரோதமான ஒப்பந்தத்தை எந்தக் கோர்ட்டும் கேட்காது. புகார் கொடுத்தால் சீட்டு கட்டியதற்கு உங்களையும் சேர்ப்பார்கள். அந்த அக்காவின் சொந்தக்காரர்களைப் பிடித்துப் பேசுவதுதான் வழி.

குளச்சல் மருமகள் | 20.02.2025

எங்களுக்கும் இதே கதைதான். மகளிர் குழுவில் 12 பேர். லோன் தவணையைத் தலைவியிடம் கொடுத்தோம், அவர் பேங்கில் கட்டவே இல்லை. பேங்கிலிருந்து எங்களுக்குத்தான் நோட்டீஸ் வருகிறது. நாங்கள் யாரிடம் போக?

குழித்துறை குமாஸ்தா | 20.02.2025

34 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

குளச்சல் மகளே, உன்னுடையது சீட்டு இல்லை. கணக்கு குழுவின் பெயரில் இருக்கும், கடனுக்கு எல்லாரும் சேர்ந்து பொறுப்பு. பேங்கில் போய் குழுவின் கணக்கு விவரத்தை முதல் நாளிலிருந்து எடு. யார் யார் கையெழுத்தில் பணம் எடுக்கப்பட்டது என்று பார். அதைத் தனியாக எழுதிப் போடு, இங்கே கலக்காதே.

வடசேரி தம்பி பாதி சரி. அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு நடத்தக்கூடாது என்று 1982 சீட்டு நிதிச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தத் தடையும் தண்டனையும் நடத்துகிறவருக்கு. 2 ஆண்டு வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம், இல்லை இரண்டும். நம்பிப் பணம் கட்டினவரை ஏமாற்றினால் அது மோசடிதான். சீட்டு பதிவாகவில்லை என்பதால் மோசடி இல்லை என்று ஆகிவிடாது. பதிவான சீட்டு என்றால் தகராறைப் பதிவாளரே விசாரிப்பார், சிவில் கோர்ட் எடுக்காது. உங்களுக்கு அந்த வாசல் இல்லை என்பதுதான் நஷ்டம்.

அம்மா, ஒன்று கேட்கிறேன். எடுத்த 10 பேரும் மீதித் தவணை கட்டுகிறார்களா?

தையல்கடைக்காரி | 20.02.2025, இரவு

அவர்கள் எதற்குக் கட்ட வேண்டும்? யாரிடம் கட்ட? வாங்குகிற ஆளே இல்லையே.

குழித்துறை குமாஸ்தா | 21.02.2025

அங்கேதான் உங்கள் பணம் இருக்கிறது. நோட்டை எடுத்து இன்னொரு தடவை கணக்குப் போடுங்கள்.

தையல்கடைக்காரி | 22.02.2025

போட்டேன். இரண்டு தடவை. என் முதல் பதிவில் எழுதிய நாலரை லட்சம் தப்பு.

நாங்கள் மாதாமாதம் கட்டிய பணம் அந்த அக்காவின் பெட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கவில்லை. அந்தந்த மாதமே யாரோ ஒருவர் கைக்குப் போய்விட்டது. அக்கா கையோடு கொண்டுபோனது 12ஆவது மாதப் பணம் மட்டும்: 19 பேர், 4,600 வீதம், 87,400. அவர் முதல் சீட்டை எடுத்துவிட்டதால் அவர் கட்ட வேண்டிய மீதி 8 தவணை இன்னொரு 40,000. ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் எடுத்த 10 பேர் வீட்டில் இருக்கிறது. 10 பேர், 8 மாதம், 5,000 வீதம் 4 லட்சம். அதை 9 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 44,444. சீட்டு லாபத்தை மறந்துவிட்டுப் போட்ட முதலை மட்டும் பார்த்தால், அக்கா ஓடியதால் எனக்குக் குறைவது ஐயாயிரத்துச் சொச்சம். மீதி நாற்பத்து நாலாயிரம் போவது எடுத்தவர்கள் நிறுத்தினால்தான்.

முந்தாநாள் ‘எதற்குக் கட்ட வேண்டும்’ என்று கேட்டது நான்தான். அது ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

வடசேரிக்காரன் | 22.02.2025

கணக்கு சரி. ஆனால் எடுத்தவன் கட்டமாட்டான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தையல்கடைக்காரி | 23.02.2025

எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு இரண்டு சீட்டு. ஒன்று என் பெயரில், எடுக்காதது. இன்னொன்று வீட்டுக்காரர் பெயரில், 6ஆவது மாதம் எடுத்தோம். ஓவர்லாக் மிஷின் வாங்க 20,000 தள்ளி 80,000 வாங்கினோம். அதற்கு மீதி 8 தவணை, 40,000 பாக்கி.

வீட்டுக்காரர் சொல்வது இது: “அவ நமக்கு 49,800 தரணும், நாம அவளுக்கு 40,000 கட்டணும். கழிச்சாச்சு. இனி ஒரு பைசா கட்டக்கூடாது.” கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டபிறகுதான் உறுத்துகிறது. அந்த 40,000 அக்காவுக்குப் போக வேண்டியது இல்லை, அடுத்து எடுக்க இருந்த 8 பேருக்கு. அதில் பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டுகிற ஒருவர் இருக்கிறார். கடைசிச் சீட்டு எடுத்து மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டக் காத்திருந்தவர். அவர் பணத்தில் மிஷின் வாங்கிவிட்டு, அக்கா ஓடிவிட்டார் என்று நான் கைகழுவினால் நான் யார்?

குமாஸ்தா அண்ணாச்சி, சட்டப்படி நான் கழித்துக்கொள்ளலாமா?

குழித்துறை குமாஸ்தா | 23.02.2025

அந்த அம்மா கேஸ் போட்டால், அவர் தர வேண்டியதைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒரு சீட்டு உங்கள் பெயரிலும் மற்றது கணவர் பெயரிலும் இருப்பதால் அதிலும் எதிர்த்தரப்பு வாதம் செய்யும். நியாயம் எது என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

எடுக்கும்போது புரோநோட் எழுதிக் கொடுத்தீர்களா? செக்?

தையல்கடைக்காரி | 23.02.2025

ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட், கையெழுத்து மட்டும். தொகை, தேதி, பெயர் எதுவும் எழுதவில்லை. கூட ஒரு வெற்றுச் செக். எடுத்த எல்லாரும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் அக்காவிடம்தான் இருக்கிறது.

குழித்துறை குமாஸ்தா | 24.02.2025

பயப்பட வேண்டியது இதற்குத்தான். கையெழுத்துப் போட்ட ஸ்டாம்ப் தாளைக் கையில் வைத்திருக்கிறவர் அதை நிரப்பிக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. அந்த அம்மா அதை ஒரு பைனான்ஸ்காரரிடம் கொடுத்துப் பணம் வாங்கியிருந்தால், நாளைக்கு அந்தப் பைனான்ஸ்காரர் உங்களிடம் வருவார். எடுத்த 10 பேரும் கட்டத் தயங்குவதற்கு இதுவும் காரணமாக இருக்கும். இங்கே கட்டிவிட்டு அங்கேயும் கட்ட வேண்டி வந்தால் என்ன செய்வது என்று.

நாளைக்கே இரண்டு வேலை. பேங்கில் அந்தச் செக் நம்பருக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், காரணத்தோடு. போலீஸ் புகாரில் யார் யார் எந்தத் தேதியில் வெற்றுப் புரோநோட்டும் எந்த நம்பர் செக்கும் கொடுத்தார்கள் என்று பட்டியலே போடுங்கள். பின்னால் ஒருவர் அந்தத் தாளோடு வந்தால், ‘இது வெற்றாகக் கொடுத்தது என்று அன்றே எழுதியிருக்கிறோம்’ என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

பாறசாலை எல்லை | 24.02.2025

இதுக்குத்தான் கேரள அரசு சிட்டியில சேரச் சொல்றது. களியக்காவிளை தாண்டினா கே.எஸ்.எப்.இ. கிளை. 1969லேருந்து நடக்கு.

தையல்கடைக்காரி | 24.02.2025

சேட்டா, அங்கே எடுத்த பணத்துக்கு ஜாமீன் கேட்பார்கள். பத்திரமோ சம்பளக்காரர் கையெழுத்தோ இல்லாததால்தானே நாங்கள் தெருமுனை அக்காவிடம் போனோம்.

தையல்கடைக்காரி | 27.02.2025

ஸ்டேஷனுக்கு 7 பேர் போனோம். முதலில் “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்றார்கள். பிறகு மனு வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள்.

அங்கிருந்து திரும்பும்போது அந்த அக்கா குடியிருந்த வீட்டின் உரிமையாளரைப் பார்த்தோம். அவர் சாதாரணமாகச் சொன்ன விஷயம் இது: டிசம்பரிலேயே வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லி, ஜனவரி கடைசியில் அட்வான்ஸ் பணத்தை வாங்கிவிட்டாராம். அதாவது 10ஆம் தேதி எங்களை உட்காரவைத்து ஏலம் கூறி, டீயும் பழம்பொரியும் கொடுத்து, 4,600ஐ எண்ணி வாங்கியபோது வீட்டு அட்வான்ஸ் அவர் பையில் இருந்திருக்கிறது. பழம்பொரி இரண்டு சாப்பிட்டேன். இப்போதும் தொண்டையில் நிற்கிறது.

குழித்துறை குமாஸ்தா | 28.02.2025

இது பெரிய சாட்சி. வியாபாரம் நொடித்துக் கட்ட முடியாமல் போனால் போலீஸ் சிவில் என்று தள்ளும். ஏமாற்றும் எண்ணம் பணம் வாங்கும்போதே இருந்தது என்று காட்டினால்தான் மோசடிப் பிரிவு நிற்கும். 2024 ஜூலை 1 முதல் நடந்ததற்கு பழைய 420 இல்லை, பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4). நம்பிக் கொடுத்த பணத்தைக் கையாடினது 316. வீட்டு உரிமையாளர் அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்த தேதி, பேங்க் வழியாக என்றால் அந்த விவரம், இரண்டையும் சேர்த்து எஸ்.பி.க்கு நாகர்கோவிலுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் எப்.ஐ.ஆர். வராவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

வாட்ஸ்அப் குழுவில் ஏல விவரம் இருந்தால் யாரும் வெளியேற வேண்டாம், போனை மாற்ற வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, கோர்ட்டில் கொடுக்கும்போது அதற்கென்று ஒரு சான்றிதழும் வேண்டும்.

வடசேரிக்காரன் | 28.02.2025

டெபாசிட்டர் பாதுகாப்புச் சட்டம் 1997 இருக்கிறதே. பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போனால் சொத்தை முடக்கி 10 வருடம் உள்ளே போடுவார்கள். அதை ஏன் சொல்லவில்லை?

குழித்துறை குமாஸ்தா | 28.02.2025

தம்பி, அந்தச் சட்டம் தனி ஆளையும் பிடிக்கும், அது சரி. சீட்டுத் தவணை ‘டெபாசிட்’ ஆகுமா என்பதில் இரண்டு பக்கமும் வாதம் உண்டு. மனு கொடுக்கலாம், தப்பில்லை. 20 பேர் சீட்டுக்கு ‘உள்ளூர் ஸ்டேஷனைப் பாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினால் ஆச்சரியப்படாதே. முடக்க சொத்து இருக்கிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

தையல்கடைக்காரி | 03.03.2025

சொத்து பார்த்தேன். tnreginet.gov.in தளத்தில் வில்லங்கம் தேடினோம். அக்கா பெயரில் 4 சென்ட் இருந்தது, நவம்பரில் மருமகனுக்குத் தானமாக எழுதியிருக்கிறார்.

நவம்பரில் நாங்கள் 9ஆவது ஏலம் கூறிக்கொண்டிருந்தோம்.

குழித்துறை குமாஸ்தா | 03.03.2025

கடன்காரர்களை ஏமாற்ற எழுதிய தானத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும். பண வசூல் வழக்குக்கு 3 வருடம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நிம்மதியாக உட்காராதீர்கள். கெடு 3 வருடம்தான், சொத்து 3 மாதம் நிற்காது. இப்போதே எடுத்தவர்களோடு உட்காருங்கள்.

தையல்கடைக்காரி | 16.03.2025

உட்கார்ந்தோம். சர்ச் பக்கத்து ஹாலில், போன ஞாயிறு மதியம். எடுத்த 10 பேரில் 8 பேர் வந்தார்கள். ஒருவர் துபாயில் இருக்கிறார், அவர் மனைவி கதவே திறக்கவில்லை. இன்னொருவர் மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கிறார், “நான் முன்கூட்டியே மொத்தமா அவகிட்ட கட்டிட்டேன்” என்று போனில் சொல்கிறார். ரசீது கேட்டால் சத்தம் போடுகிறார்.

வந்தவர்களில் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார். சீட்டு ஒழுங்காக ஓடியிருந்தால் மாதம் முழு 5,000 கட்டியிருக்க மாட்டோம், கழிவு வந்திருக்கும், பிறகு இப்போது ஏன் 5,000? கடைசி மாதங்களில் தள்ளு குறைவாகத்தான் இருக்கும் என்று நாங்கள் சொல்ல, ஒரு மணி நேரம் போய், 4,800 என்று முடிந்தது. ஏலம் கிடையாது, வருவதை 9 பேருக்கும் சமமாகப் பிரிப்பது. ஒத்துக்கொண்டது 6 பேர், என்னையும் சேர்த்து. இரண்டு பேர் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள்.

6 பேர் 4,800 வீதம் மாதம் 28,800. ஆளுக்கு 3,200. 8 மாதத்தில் 25,600. நான் மாதம் 4,800 கொடுத்து 3,200 வாங்குவேன். வீட்டுக்காரர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. 10 பேரும் கட்டியிருந்தால் எனக்கே 5,333 வந்திருக்கும் என்று அவருக்கு விளக்கப் பார்த்தேன். “வந்திருக்கும்” என்று மட்டும் திருப்பிச் சொன்னார்.

குழித்துறை குமாஸ்தா | 17.03.2025

ஹாலில் பேசியது காற்றோடு போகும். குழித்துறை கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வழக்கு போடுவதற்கு முன்பே மனு கொடுத்து லோக் அதாலத்தில் சமரசம் எழுதலாம். கோர்ட் கட்டணம் இல்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீலும் உண்டு. அங்கே எழுதிக் கையெழுத்தானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், ஒருவர் பாதியில் நிறுத்தினால் நேரே நிறைவேற்று மனு. கையெழுத்துப் போடாதவர்களை அது கட்டுப்படுத்தாது, அவர்கள் மீது தனியாகத்தான் போக வேண்டும்.

அதற்கு முன் ஒவ்வொருவரும் அந்த அம்மாவின் பழைய விலாசத்துக்குப் பதிவுத் தபால் போடட்டும்: ‘நீங்கள் சீட்டை நிறுத்தியதால் மீதித் தவணையை எடுக்காத உறுப்பினர்களுக்கே செலுத்துகிறேன், என் புரோநோட்டையும் செக்கையும் திருப்பித் தரவும்.’ கவர் திரும்பி வரும். பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். இரண்டு பேர் பெயரில் கணக்குத் தொடங்கி அதில் போடுங்கள்.

தையல்கடைக்காரி | 09.04.2025

கையெழுத்து ஆகிவிட்டது. யோசிப்பதாகப் போன இருவரில் ஒருவரும் வந்தார். இப்போது 7 பேர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை 8 தவணை. கவர்கள் ‘விலாசதாரர் வீட்டை விட்டுச் சென்றுவிட்டார்’ என்று திரும்பி வந்தன. ஏழும் என் நூல் டப்பாவில் இருக்கின்றன.

தையல்கடைக்காரி | 14.04.2025

கணக்குத் திருத்தம்: 7 பேர் என்றால் மாதம் 33,600, ஆளுக்கு 3,733 சொச்சம். 9ஆல் சரியாக வகுபடாததால் மூன்று ரூபாய்க்கு அரை மணி நேரம் தகராறு. மிஞ்சும் ரூபாயை நவம்பரில் சேர்த்துப் பிரிக்க முடிவு.

குளச்சல் மருமகள் | 02.05.2025

குமாஸ்தா சொன்னபடி கணக்கு விவரம் எடுத்தேன். பணம் எடுக்கிற வெற்றுப் படிவத்தில் எங்கள் பொருளாளர் கையெழுத்து போட்டு வைத்திருக்கிறார். புது இழை தொடங்கியிருக்கேன், அங்க வாங்க.

தையல்கடைக்காரி | 21.06.2025

எப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது, எஸ்.பி. அலுவலகத்துக்குப் போன மனுவின் பேரில். அக்கா திருப்பூரில் மகள் வீட்டில் இருப்பதாக ஒரு பேச்சு. ரப்பர் வெட்டுகிறவர் மூன்று தவணை வாங்கிவிட்டார். அதில் ஒன்றுக்கு எண்ணிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார், நான்தான் பிடித்து எண்ணவைத்தேன்.

தையல்கடைக்காரி | 11.08.2025, இரவு 11.15

நாங்கள் பயந்தது நடந்துவிட்டது. 7 பேரில் ஒருவருக்கு வக்கீல் நோட்டீஸ். நாகர்கோவிலில் யாரோ பைனான்ஸ்காரர். அவரிடம் ஒரு லட்சம் கடன் வாங்கிப் புரோநோட் எழுதிக் கொடுத்ததாக. இவருக்கு அந்த ஆள் யாரென்றே தெரியாது. அழுதுகொண்டே கடைக்கு வந்தார். இனி லோக் அதாலத் தவணையும் கட்டமாட்டேன் என்கிறார்.

குழித்துறை குமாஸ்தா | 12.08.2025

புரோநோட் தேதி என்ன?

தையல்கடைக்காரி | 12.08.2025

நோட்டீஸில் 28.04.2025 என்று இருக்கிறது.

குழித்துறை குமாஸ்தா | 12.08.2025

பிப்ரவரி 27ஆம் தேதி சி.எஸ்.ஆர். மனுவில் இவர் பெயரும் வெற்றுப் புரோநோட்டும் இருக்கிறதா?

தையல்கடைக்காரி | 12.08.2025

மூன்றாவது வரியில் இருக்கிறது. எடுத்த மாதம், செக் நம்பர், ‘தொகை தேதி நிரப்பாத புரோநோட் ஒன்று’ என்று.

குழித்துறை குமாஸ்தா | 12.08.2025

அப்படியென்றால் பதில் நோட்டீஸ் தாமதிக்காமல் போக வேண்டும். பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டது போல் பேசுவார்கள். கையெழுத்து என்னுடையதுதான், பணம் வாங்கியது பொய், அந்தத் தாள் சீட்டுக்காகப் போன வருடமே கொடுத்தது என்று எழுதச் சொல்லுங்கள். கையெழுத்தையே மறுக்க வேண்டாம், அதில்தான் பலர் கேஸைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஜெயிப்பது நிச்சயம் என்று சொல்லமாட்டேன். கையெழுத்து இருந்தால் பணம் கொடுத்ததாகவே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டும் பொறுப்பு இவருடையது. சி.எஸ்.ஆர். நகலும் திரும்பி வந்த கவரும் அதற்குத்தான்.

தையல்கடைக்காரி | 12.08.2025, இரவு

நாளைக்குக் கடை பூட்டு. இரண்டு பேரும் குழித்துறைக்குப் போகிறோம். கவரை நூல் டப்பாவிலிருந்து எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் டப்பாவில் மீதி இருந்த எங்கள் கவரை எடுத்து, ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.